'மறுக்கிறேன்' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள்: விவாகரத்து வழக்கில் எதிர்மனுதாரர் செய்யும் தவறுகள்

விவாகரத்து மனுவுக்குப் பதிலாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கலாகும் எதிருரைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். "மனுவின் 4ஆம் பத்தியில் சொல்லப்பட்டவை பொய், மறுக்கப்படுகின்றன. 5ஆம் பத்தி பொய், மறுக்கப்படுகிறது." இப்படியே கடைசிப் பத்தி வரை போய், மனுவைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முடியும். மறுப்பு அவசியம்தான். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் வெறும் மறுப்பில் காணாமல் போவது, எதிர்மனுதாரரின் கையில் இருக்கும் இன்னொரு வலுவான வாதம்: 'இது நடந்தே இருந்தாலும் உங்களுக்கு விவாகரத்து கிடைக்காது' என்பது.

அந்த வாதத்துக்கு இடம் தருவது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. கொடுமையோ பிறர்மனை உறவோ நிரூபணமான பிறகும் நீதிமன்றம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்கிறது அது. மனுதாரர் தன் தவறையே தனக்குச் சாதகமாக்கிக் கொள்கிறாரா? நடந்ததை மன்னித்து ஏற்றுக்கொண்டாரா? இருவரும் உள்ளுக்குள் பேசி வைத்துக்கொண்டு வழக்கு நடத்துகிறார்களா? தேவையில்லாமல் தாமதித்தாரா? எதிர்த்தரப்பு வழக்காடினாலும் வழக்காடாவிட்டாலும் நீதிமன்றம் இவற்றைப் பார்க்க வேண்டும். (சிறப்புத் திருமணச் சட்டத்தில் 34ஆம் பிரிவு ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது.)

இங்கேதான் முதல் தவறு. 'நீதிமன்றமே பார்த்துக்கொள்ளுமாமே, நாம் ஏன் எழுத வேண்டும்?' என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தஸ்தானே வழக்கு. அதை முழுக்கப் படித்தால் நிலைமை வேறு.

தஸ்தானே தம்பதியின் திருமணம் 1956இல் நடந்தது. 1961 பிப்ரவரியில் பிரிந்தபோது மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. ஆகஸ்டில் மூன்றாவது குழந்தை பிறந்தது. 1962 பிப்ரவரியில் கணவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் வந்தபோது மிஞ்சியிருந்த கேள்வி, கொடுமையின் பேரில், திருமணத்தைக் கலைக்காமல் தனித்து வாழ அனுமதிக்கும் நீதிமுறைப் பிரிவு தரலாமா என்பது. மனைவி நடந்துகொண்ட விதம் கொடுமைதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கணவர் தோற்றார். அத்தனை நடந்த பிறகும் இருவரும் கணவன் மனைவியாகவே இயல்பாக வாழ்ந்திருக்கிறார்கள், அது மன்னித்து ஏற்றதைக் காட்டுகிறது என்றது தீர்ப்பு. மன்னிப்பு என்பதை மனைவி தன் எதிருரையில் வாதமாகவே வைத்திருக்கவில்லை. 23ஆம் பிரிவின்படி அதை ஆராய்வது எங்கள் கடமை என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது.

அப்படி எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், தேதிகளும் கடிதங்களும் சேர்ந்து வாழ்ந்த விவரமும் ஏற்கெனவே வழக்குக் கட்டில் இருந்ததுதான். வழக்குக் கட்டில் இல்லாததை எந்த நீதிபதியும் தேடி எடுத்துத் தரமாட்டார். எதிருரையில் சொல்லாத புதிய சங்கதிக்குச் சாட்சியம் கொடுக்கப் போனால், 'இது எதிருரையில் இல்லை' என்ற ஆட்சேபம் உடனே எழும்.

மன்னித்ததை எப்படி எழுதுவது? ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கணவர் 2024 பிப்ரவரியில் கொடுமையின் பேரில் விவாகரத்து கேட்கிறார். மனுவில் உள்ள சம்பவங்கள் 2019, 2020 ஆண்டுகளைச் சேர்ந்தவை: மாமியாரை உறவினர் முன் அவமதித்தது, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டியது, சொல்லாமல் பிறந்த வீட்டுக்குப் போனது. மனைவியின் கையில் இருப்பவை வேறு தேதிகள். 2021 தை மாதம் பெரியவர்கள் பேசிக் கணவரே வந்து அழைத்துப் போனார். 2022 ஜனவரியில் குழந்தை பிறந்தது. டிசம்பரில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. 2023 மார்ச்சில்தான் பிரிவு. மனுவில் இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மனைவி தன் எதிருரையில் தனிப் பத்தியாக இப்படி எழுதலாம்: "மனுவில் கூறப்பட்ட 2019, 2020ஆம் ஆண்டுச் சம்பவங்கள் உண்மையல்ல. அவை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், மனுதாரர் அவற்றை முழுமையாக அறிந்த நிலையில் 2021 ஜனவரியில் எதிர்மனுதாரரைத் தாமே அழைத்துச் சென்று, 2023 மார்ச் வரை இல்லற வாழ்க்கை நடத்தினார். அக்காலத்தில் குழந்தையும் பிறந்தது. ஆகவே அவற்றை அவர் மன்னித்து ஏற்றுக்கொண்டார். 23ஆம் பிரிவின்படி பரிகாரம் பெற அருகதையற்றவர்."

'நடக்கவே இல்லை, நடந்திருந்தாலும் மன்னித்துவிட்டார்' என்பது முரண் போலத் தோன்றலாம். மாற்று வாதமாக வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 'வைத்துக்கொண்டாலும்' என்ற சொல்தான் இங்கே காவல். அது இல்லாமல் 'என் தவறுகளையெல்லாம் அவர் மன்னித்துவிட்டார்' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வாதமல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

அடுத்து, மன்னிப்பு என்றால் என்ன என்பதிலேயே பிழை செய்கிறார்கள். தவறு இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும், பழைய இடத்தில் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் மன்னிப்பு. ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறையில் இருந்தது போதாது. பிள்ளைகளுக்காகவும் போக்கிடம் இல்லாமலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது மன்னிப்பாகாது. மனைவி மனுதாரராகவும் கணவர் எதிர்மனுதாரராகவும் இருக்கும் வழக்குகளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். 'பத்து வருடம் கூடவே இருந்தாளே' என்பதை மட்டும் வைத்துக் கணவர் தரப்பு கட்டும் வாதம் பெரும்பாலும் குறுக்கு விசாரணையிலேயே சரிந்துவிடும்.

இன்னொன்று, மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. இனி அப்படி நடக்காது என்ற நம்பிக்கையில் தரப்படுவது. பிறகு மீண்டும் கொடுமை செய்தால் பழையதும் உயிர்பெறும். புதிய செயல் தனியாக விவாகரத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் தஸ்தானே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நம் வழக்கில் கணவர் 2021க்குப் பின்னும் ஏதாவது நடந்ததாகச் சொல்லியிருந்தால், மனைவி அந்தக் குற்றச்சாட்டுகளைத்தான் அதிகக் கவனத்தோடு மறுக்க வேண்டும். பழையவற்றுக்கு ஏழு பக்கம், புதியதற்கு 'பொய்' என்ற ஒற்றைச் சொல் என்று எழுதினால் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தது போலத்தான்.

சட்டத்தின் சொற்களையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. மன்னிப்பு என்ற தடை பிறர்மனை உறவுக்கும் கொடுமைக்கும் மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. கைவிட்டுச் சென்றதாக மனு போட்டால் மன்னிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அந்தக் காரணத்துக்கு மனுவுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுப் பிரிவு வேண்டும். இடையில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தத் தொடர்ச்சியே அறுந்துவிடுகிறது என்பதுதான் அங்கே பதில்.

தாமதம் என்ற வாதத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்வது. இவ்வளவு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. தாமதம் தேவையற்றதா, விளக்கம் இருக்கிறதா என்பதே கேள்வி. எதிருரையின் ஒரு பத்தியில் 'மனுதாரர் ஆறு ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது வந்திருக்கிறார்' என்று எழுதுவார்கள். அடுத்த பத்தியில் 'இந்த ஆறு ஆண்டும் சமரசத்துக்கு நான் முயன்றுகொண்டே இருந்தேன், பேச்சு நடந்துகொண்டே இருந்தது' என்பார்கள். மனுதாரரின் வழக்கறிஞருக்கு வேலையே இல்லை. சமரசப் பேச்சு நடந்ததால்தான் தாமதம் என்ற விளக்கத்தை எதிர்த்தரப்பே எழுதித் தந்துவிட்டது. இரண்டில் எது நம் வழக்குக்கு உண்மையிலேயே பலம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் தாமதம் தனியாக வழக்கை வெல்லாது. மன்னிப்புக்குத் துணைச் சாட்சியமாக, 'பெரிய கொடுமையாக இருந்திருந்தால் அன்றே வந்திருப்பார்' என்று காட்டத்தான் அது உதவும்.

கூட்டுச் சதி என்ற தடை வினோதமானது, ஏனென்றால் சதியில் எதிர்மனுதாரரும் ஒரு பங்காளி. 'பணம் தருகிறேன், நீ கோர்ட்டுக்கு வராதே, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிக்கொள்கிறேன்' என்ற பேரம்தான் இதன் நேரடி வடிவம். கூட்டுச் சதி இல்லை என்று மனுவிலேயே உறுதி சொல்ல வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. பேரத்துக்கு உடன்பட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்த மனைவி, பணம் வராதபோது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். அதில் பேரத்தைச் சொன்னால் தன் பங்கையும் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் பிரிய விருப்பம் என்றால் அதற்கு 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு என்ற நேர்வழி இருக்கிறது. ஜீவனாம்சத் தொகையையும் அதில் வெளிப்படையாக எழுதலாம். இதன் மறுபக்கமாக, நீதிமன்ற சமரச மையத்தில் பேசினாலே கூட்டுச் சதியாகிவிடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. பொய் வழக்கை உண்டாக்குவதோ உண்மையான எதிர்வாதத்தை மறைப்பதோதான் சதி. சமரசம் பேசுவது சதியல்ல.

கோபத்தில் எழுதும் எதிருரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர் மனைவியின் நடத்தையைப் பற்றி எதிருரையில் ஆதாரமில்லாமல் அசிங்கமாக எழுதிய விஜயகுமார் பாட்டே வழக்கில், அந்த எழுத்தே கொடுமை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பிறகு திருத்த மனு போட்டு அந்த வரிகளை நீக்கியதும் அவரைக் காப்பாற்றவில்லை. மன்னித்து ஏற்றார் என்று ஒரு பக்கம் வாதாடிக்கொண்டே இன்னொரு பக்கம் புதிய கொடுமையை உண்டாக்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

எதிருரைக்கு அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90 நாள். அதற்கு மேலும் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றங்கள் ஏற்பது உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. விசாரணை தொடங்கிய பிறகு புதிய வாதத்தைச் சேர்க்கத் திருத்தம் கேட்டால், முன்பே ஏன் சொல்ல முடியவில்லை என்று காட்ட வேண்டும். சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கான சான்றுகளை எதிருரையோடு பட்டியலிட்டுத் தாக்கல் செய்யுங்கள்: பிரசவ மருத்துவமனைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், காதுகுத்துப் பத்திரிகை. வாட்ஸ்அப் உரையாடலைத் தருவதானால் மின்னணு ஆவணத்துக்கான சான்றையும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்சேபம் வரும்.

நம் கற்பனை வழக்கில் கணவர் கூண்டில் ஏறுகிறார். வழக்கறிஞர் முதலிலேயே 'நீங்கள் மன்னித்துவிட்டீர்கள்தானே?' என்று கேட்டால் 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள். 2021 தையில் அழைத்து வர நீங்கள்தானே போனீர்கள்? பிரசவத்துக்குச் சேர்த்தபோது கையெழுத்து போட்டது நீங்கள்தானே? காதுகுத்துப் பத்திரிகையில் அழைப்பவர்கள் என்று உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதே, அச்சடிக்கக் கொடுத்தது நீங்கள்தானே? 2021 ஜனவரிக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் ஒரு சம்பவம்கூட மனுவில் இல்லையே? இந்த நான்குக்கும் பதில் 'ஆமாம்' என்று பதிவாகிவிட்டால் மன்னிப்பு என்ற சொல்லை அவரிடம் உச்சரிக்கவே தேவையில்லை. அதை வாதத்தின்போது நீதிபதியிடம் சொல்லிக்கொள்ளலாம்.