‘எப்போதும்’ என்று இருந்தாலே அடித்துவிடலாமா?

பொருளாதாரத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ஒரு குறுக்குவழி புழங்குகிறது. விடைகளில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ என்று இருந்தால் அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். பல இடங்களில் இது பலிக்கவும் செய்யும். ஆனால் நுண்ணியல் பொருளாதாரக் கேள்விகளில், குறிப்பாகச் செலவுக் கோடுகள் பற்றியவற்றில், இதை நம்பி இறங்கினால் மதிப்பெண் போகும். இந்த ஒரு கேள்வியைப் பாருங்கள்.

குறுகிய காலத்தில், நிறைவுப் போட்டியில் உள்ள ஒரு நிறுவனம் குறித்துச் சரியான கூற்று எது?

அ) நட்டம் வந்தால் எப்போதும் உற்பத்தியை நிறுத்த வேண்டும்.
ஆ) உற்பத்தி கூடக் கூடச் சராசரி மாறாச் செலவு எப்போதும் குறையும்.
இ) இறுதிநிலைச் செலவு உயரத் தொடங்கியதும், பெரும்பாலும் சராசரிச் செலவும் உயரத் தொடங்கும்.
ஈ) நிறுவனத்துக்கு இயல்பு லாபம் மட்டுமே கிடைக்கும்.

குறுக்குவழிப்படி போனால் அ, ஆ, ஈ மூன்றும் அடிபட்டுவிடும். மிஞ்சுவது இ. அதில் ‘பெரும்பாலும்’ என்று பதமாக ஒரு சொல் வேறு இருக்கிறது. ஆனால் சரியான விடை ஆ.

ஏன் என்று எண்களை வைத்துப் பார்த்துவிடலாம். மாறாச் செலவு 600 ரூபாய். 10 அலகு செய்தால் அலகுக்கு 60, 20 செய்தால் 30, 30 செய்தால் 20. மாறாத ஒரு தொகையைக் கூடிக்கொண்டே போகும் எண்ணால் வகுக்கிறோம். ஈவு குறைந்துகொண்டேதான் போகும். இதற்கு விதிவிலக்கு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் இது வெறும் வகுத்தல் கணக்கு. இங்கே ‘எப்போதும்’ தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அ. அதே நிறுவனம் 20 அலகு செய்கிறது. விலை 50 ரூபாய், மாறும் செலவு அலகுக்கு 40 ரூபாய். வருவாய் 1,000, மொத்தச் செலவு 1,400. நட்டம் 400. மூடிவிட்டால்? குறுகிய காலத்தில் அந்த 600 ரூபாயைக் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் நட்டம் 600. ஆக, நட்டத்தோடு ஓட்டுவதே மேல். விலை சராசரி மாறும் செலவுக்குக் கீழே இறங்கினால்தான் நிறுத்த வேண்டும். இந்த ‘இறங்கினால்தான்’ என்ற நிபந்தனையை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் ‘எப்போதும்’ போட்டிருக்கிறார்கள். ஈ-யும் அப்படித்தான். இயல்பு லாபம் மட்டுமே என்பது நீண்டகாலச் சமநிலைக்குப் பொருந்தும். கேள்வி கேட்பது குறுகிய காலத்தை.

இ-க்கும் இதே எண்கள் போதும். 20 அலகில் சராசரிச் செலவு 70. அடுத்த அலகின் இறுதிநிலைச் செலவு 48-லிருந்து 50-க்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1,450, அதை 21-ஆல் வகுத்தால் சுமார் 69. இறுதிநிலைச் செலவு ஏறுகிறது, சராசரியோ இன்னும் இறங்குகிறது. இறுதிநிலைச் செலவு சராசரியைத் தாண்டிய பிறகுதான் சராசரி ஏறத் தொடங்கும். வழக்கமான செலவுக் கோடுகளில் ‘பெரும்பாலும்’ போட்டாலும் இந்தக் கூற்று தேறாது. மென்மையான சொல்லை நம்பி விடையைத் தேர்ந்தெடுப்பது, கடுமையான சொல்லைப் பார்த்து அடிப்பதைவிட மோசமான பழக்கம் என்பேன். அதைப் பெரும்பாலோர் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால் ‘எப்போதும்’ போன்ற கடுமையான சொல் கண்ணில் பட்டதும், அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். வரையறை, கணக்கு, அல்லது லாபத்தைப் பெருக்கும் தர்க்கம் என்றால் நிலைக்கலாம். உதாரணமாக, ‘உற்பத்திச் செலவுள்ள, லாபத்தை உச்சப்படுத்தும் முற்றுரிமையாளர் தேவைக் கோட்டின் நெகிழ்ச்சி குறைந்த பகுதியில் ஒருபோதும் உற்பத்தி செய்யமாட்டார்’ என்பது சரிதான். ஒரே விலையில் விற்கும் அவர் அந்தப் பகுதியில் விலையை ஏற்றினால் வருவாய் கூடும். விற்பனை குறைவதால் செலவும் குறையும். அங்கேயே நிற்க அவருக்குக் காரணமே இல்லை. மாறாக, ‘முற்றுரிமையாளர் எப்போதும் மிகை லாபம் பெறுவார்’ என்பது சந்தை நிலவரத்தைப் பற்றிய கூற்று. தேவை போதாமல் போனால் அவருக்கும் நட்டம் வரும். ஒரே ஒரு எதிர் உதாரணம் கிடைத்தால் அடித்துவிடலாம்; கிடைக்காவிட்டால் கை வைக்காதீர்கள்.

யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் ‘1 மட்டும்’, ‘2 மட்டும்’ என்று விடைகள் வருமே, அந்த ‘மட்டும்’ இந்தக் கணக்கில் சேராது. எந்தக் கூற்றுகள் சரி என்று குறிக்கும் அடையாளம், அவ்வளவுதான். சோதிக்க வேண்டியது மேலே உள்ள கூற்றுகளுக்குள் வரும் ‘மட்டுமே’-யை. ‘இந்தியாவில் நோட்டுகளையும் நாணயங்களையும் வெளியிடுவது ரிசர்வ் வங்கி மட்டுமே’ என்றால் தவறு. ஒரு ரூபாய் நோட்டையும் நாணயங்களையும் வெளியிடுவது மத்திய அரசு.

அப்புறம், கேள்வி ‘எது தவறானது?’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மேலே அ-வைப் போலப் பொய்யான ‘எப்போதும்’ உள்ள கூற்றுதான் விடையாக இருக்கும். பழக்க தோஷத்தில் அதைத்தான் முதலில் அடிப்பார்கள்.