பைனரி விடை தப்பா வருதா? எந்தப் பக்கத்துல இருந்து படிக்கிறீங்கன்னு பாருங்க

106-ஐ பைனரிக்கு மாத்த சொன்னா நிறைய பேர் கணக்கெல்லாம் கரெக்டா போட்டுட்டு கடைசில 0101011-னு எழுதிடுறாங்க. வகுத்ததுல ஒரு தப்பும் இருக்காது, மீதியை மேல இருந்து கீழ படிச்சதுதான் தப்பு. அந்த ஒரே கணக்கை வச்சே முழுசா பார்க்கலாம்.

ஸ்டெப் 1: வகுங்க

2-ஆல வகுத்துக்கிட்டே போங்க, ஈவு 0 ஆகுற வரைக்கும்.

```
106 / 2 = 53   மீதி 0
 53 / 2 = 26   மீதி 1
 26 / 2 = 13   மீதி 0
 13 / 2 =  6   மீதி 1
  6 / 2 =  3   மீதி 0
  3 / 2 =  1   மீதி 1
  1 / 2 =  0   மீதி 1
```

ஸ்டெப் 2: மீதியை கீழ இருந்து மேல எழுதுங்க

1101010. இதுதான் விடை. ஏன் கீழ இருந்துன்னு புரிஞ்சுக்கிட்டா அப்புறம் மறக்கவே மறக்காது. முதல் தடவை 2-ஆல வகுக்கும்போது வர்ற மீதி என்ன சொல்லுது, நம்பர் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு மட்டும்தான் சொல்லுது, அது ஒன்றாம் இடத்தோட சமாச்சாரம், ஒன்றாம் இடம் வலது ஓரத்துல இருக்கு, அதனால முதல் மீதி வலது ஓரத்துக்குப் போகுது. கடைசியா வர்ற 1 தான் பெரிய இடம், 64.

இதுலயே ஒரு சின்ன செக் கிடைக்குது பாருங்க, 106 இரட்டைப்படை, அப்போ வலது ஓரம் 0-ல முடியணும், 0101011 1-ல முடியுது, அங்கயே மாட்டிக்கிச்சு. இடது ஓரத்துல 0 வந்தாலும் சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 3: திரும்ப மாத்தி செக் பண்ணுங்க, ஆனா கவனமா

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இந்த இடம்தான். 1101010-க்கு வலது ஓரத்துல இருந்து 1, 2, 4, 8, 16, 32, 64-னு இடமதிப்பு போட்டா 2 + 8 + 32 + 64 = 106. சரி. இப்போ 0101011-னு தப்பா எழுதுனவர் இடமதிப்பையும் இடது பக்கத்துல இருந்து 1, 2, 4-னு போட்டார்னு வைங்க, அவருக்கும் 2 + 8 + 32 + 64, அதே 106 தான் வரும்! ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், அவர் செக் பண்ணிட்டேன்னு நிம்மதியா இருப்பார், ஆனா எழுதுனதோட உண்மையான மதிப்பு 43.

இதோட, ஆரம்பத்துல பழக எடுக்குற 5, 7, 9, 15 எல்லாம் 101, 111, 1001, 1111-னு எந்தப் பக்கம் படிச்சாலும் ஒண்ணாத்தான் இருக்கும், அதனால தப்பான பழக்கம் வெளியவே தெரியாது. பழகுறதுக்கு 6, 11, 26 மாதிரி நம்பர் எடுங்க.

அப்போ எப்படித்தான் செக் பண்றது? இடமதிப்பே வேணாம். இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, கையில இருக்குறதை ரெண்டு மடங்கு ஆக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கிட்டே வாங்க. 1101010-க்கு 1, 3, 6, 13, 26, 53, 106. மேல இருக்குற ஈவு வரிசையே கீழ இருந்து மேல வருது பாருங்க! தப்பான 0101011-ல 0, 1, 2, 5, 10, 21, 43-னு வேற எங்கயோ போயிடும். கம்ப்யூட்டர் இருந்தா பைத்தான்ல இப்படி:

```
>>> bin(106)
'0b1101010'
>>> int('0101011', 2)
43
```

ஸ்டெப் 4: ஹெக்ஸுக்கு நாலு நாலா பிரிக்கும்போது

ஹெக்ஸ்னா 16-ஐ அடிப்படையா வச்ச எண்முறை, அதுல 10-ல இருந்து 15 வரைக்கும் A-ல இருந்து F-னு எழுதுவோம். வலது பக்கத்துல இருந்து பிரிங்க: 110 1010. இடது பக்கம் குறையுற இடத்துல 0 போட்டா 0110 1010, அதாவது 6A. 6 × 16 + 10 = 106.

இடது பக்கத்துல இருந்து பிரிச்சா 1101 010, D2 வரும், அது 210. சில பேர் வால்ல ஒரு 0 சேர்த்து 1101 0100-னு ஆக்கி D4 எழுதுவாங்க, அது 212, சரியா ரெண்டு மடங்கு, ஏன்னா வலது ஓரத்துல 0 சேர்த்தா எல்லா இலக்கமும் ஒரு இடம் மேல ஏறிடுது. விடை ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்குன்னு வந்தா இதைத்தான் முதல்ல தேடுங்க. எட்டு பிட் நம்பர்ல எந்தப் பக்கம் பிரிச்சாலும் ஒண்ணுதான், அதனால ஏழு பிட், பத்து பிட் நம்பர்லதான் இது தெரியும்.

நேரா 16-ஆல வகுத்தாலும் அதே ரூல்தான், மீதி 10, அப்புறம் 6, கீழ இருந்து படிச்சா 6A, மேல இருந்து படிச்சா A6, அது 166.

புள்ளிக்கு வலது பக்கம் மட்டும் திசை மாறும். அங்க புள்ளியில இருந்து வலது பக்கமா நாலு நாலா எண்ணணும், குறையுற 0-வும் வலது ஓரத்துலதான் போடணும். பைனரி 0.11 என்பது 0.1100, அதாவது ஹெக்ஸ்ல 0.C, மதிப்பு 12/16 = 0.75. அதை 0.0011-னு ஆக்கிட்டா ஹெக்ஸ்ல 0.3 ஆகி 3/16-க்கு இறங்கிடும்.