திருத்திய கால்சியமும் திருத்திய ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கிட்டுப் பழகுவதற்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண். இரண்டு மாதமாக முதுகுவலி, நாளுக்கு நாள் கூடும் சோர்வு. அறிக்கையில் மொத்தக் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 10.2 மில்லிகிராம், ஆல்புமின் 2.4 கிராம், ஹீமோகுளோபின் 8 கிராம், ஹீமட்டோக்ரிட் 24 சதவீதம், சிவப்பணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 26 லட்சம், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் 3 சதவீதம். கால்சியத்தின் இயல்பு அளவு 8.5 முதல் 10.5 வரை என்பதால் அது சரியாக இருக்கிறது என்றும், ரெட்டிகுலோசைட் இயல்பைவிடக் கூடியிருப்பதால் எலும்பு மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்றும் மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டு முடிவுகளுமே தவறு.

முதலில் கால்சியத்தைப் பார்ப்போம். இரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ பாதி மட்டுமே அயனியாகத் தனித்து இயங்குகிறது. நரம்பும் தசையும் உணர்வது அதைத்தான். ஏறக்குறைய 40 சதவீதம் புரதங்களோடு, பெரும்பாலும் ஆல்புமினோடு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வகம் வழக்கமாகத் தருவது எல்லாப் பகுதிகளும் சேர்ந்த மொத்த அளவு. ஆல்புமின் குறைந்தால் ஒட்டியிருக்கும் பகுதி சுருங்கி மொத்த அளவும் இறங்கிவிடும். அயனிக் கால்சியம் மாறாமலோ உயர்ந்தோ இருக்கலாம். ஆல்புமின் 4 கிராமாக இருந்திருந்தால் மொத்த அளவு எவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்பிடுவதுதான் இந்தத் திருத்தம்.

```
திருத்திய கால்சியம் = மொத்தக் கால்சியம் + 0.8 × (4.0 − ஆல்புமின்)
= 10.2 + 0.8 × (4.0 − 2.4)
= 10.2 + 1.28
= 11.48
```

இயல்பாகத் தெரிந்த கால்சியம் உண்மையில் உயர்ந்தே இருக்கிறது. இங்கே அடிக்கடி நேரும் பிழை, அடைப்புக்குறிக்குள் கழித்தலைத் திருப்பி எழுதுவது. 2.4 − 4.0 என்று எழுதினால் விடை 8.92 ஆகும், அது இயல்பு எல்லைக்குள் அடங்கிவிடுவதால் பிழை நடந்ததே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கணக்கைத் தொடங்கும் முன்பே விடையின் திசையைத் தீர்மானித்துக்கொள்வது. ஆல்புமின் 4-க்குக் கீழே இருந்தால் திருத்திய அளவு கூட வேண்டும். 4-க்கு மேலே இருந்தால் குறைய வேண்டும்.

அலகுக் குழப்பம் இதைவிட ஆபத்தானது. இதே இரத்தத்தை வேறோர் ஆய்வகம் கால்சியம் லிட்டருக்கு 2.55 மில்லிமோல், ஆல்புமின் லிட்டருக்கு 24 கிராம் என்று தரக்கூடும். ஆல்புமினை 24 என்றே மேலுள்ள சூத்திரத்தில் போட்டால் எதிர்ம எண் வரும், யாரும் விழித்துக்கொள்வார்கள். ஆனால் ஆல்புமினை மட்டும் 2.4 என்று மாற்றிவிட்டு, கால்சியத்தை மில்லிமோலிலேயே விட்டுவிட்டால் 2.55 + 1.28 = 3.83 என்று வரும். இது பார்வைக்கு நம்பத் தகுந்த எண். உண்மையாக இருந்தால் உயிருக்கு ஆபத்தான உயர்வு. மில்லிமோல் அலகுக்கு உரிய சூத்திரத்தில் பெருக்கும் எண்ணும் வேறு, ஆல்புமினின் அடிப்படை அளவும் வேறு.

```
2.55 + 0.02 × (40 − 24) = 2.55 + 0.32 = 2.87 மில்லிமோல்/லிட்டர்
```

2.87-ஐ 4-ஆல் பெருக்கினால் 11.48 கிடைக்கும், இரண்டு வழிகளும் ஒத்துப்போகின்றன. நான் மாணவர்களை இப்படி இரு அலகிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வதுண்டு.

அயனிக் கால்சியத்தை நேரடியாக அளந்து தந்த அறிக்கைக்கு இந்தத் திருத்தத்தைச் செய்யவே கூடாது. அதில் ஆல்புமினோடு ஒட்டிய பகுதி இல்லை. மேலும் இந்தச் சூத்திரம் ஒரு மதிப்பீடு மட்டுமே. இரத்தத்தின் காரத்தன்மை கூடும்போது கால்சியம் ஆல்புமினோடு அதிகமாக ஒட்டும். அந்த மாற்றத்தைச் சூத்திரம் அறியாது. எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கும் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அயனிக் கால்சியத்தை அளந்து பார்ப்பதே சரி.

இனி ரெட்டிகுலோசைட்டுக்கு வருவோம். நியூ மெத்திலீன் புளூ சாயமிட்ட பூச்சில் ஆயிரம் சிவப்பணுக்களை எண்ணும்போது நீல வலைபோன்ற இழைகள் தெரிபவை 30 இருந்தால் அது 3 சதவீதம். இந்தச் சதவீதத்தில் பகுதி எண்ணாக நிற்பது சிவப்பணுக்கள். நலமான ஒருவரிடம் 50 லட்சம் சிவப்பணுக்களில் 1 சதவீதம், அதாவது 50,000 ரெட்டிகுலோசைட்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம். மஜ்ஜை சற்றும் கூடுதலாக உழைக்காமல் சிவப்பணுக்கள் மட்டும் 26 லட்சமாகக் குறைந்தால், அதே 50,000 இப்போது 1.9 சதவீதமாகத் தெரியும். இந்தப் பொய் உயர்வை நீக்கவே ஹீமட்டோக்ரிட்டால் திருத்துகிறோம். நோயாளியின் ஹீமட்டோக்ரிட்டை இயல்பு அளவான 45-ஆல் வகுத்து, அதனால் சதவீதத்தைப் பெருக்குகிறோம்.

```
திருத்திய ரெட்டிகுலோசைட் = 3 × (24 ÷ 45) = 1.6 சதவீதம்
```

ஹீமட்டோக்ரிட்டுக்குப் பதிலாக ஹீமோகுளோபினைப் பயன்படுத்தலாம். அப்போது கீழே ஹீமோகுளோபினின் இயல்பு அளவான 15 வர வேண்டும். 8 ÷ 15 என்றாலும் 24 ÷ 45 என்றாலும் 0.53 தான். மேலே 8-ஐயும் கீழே 45-ஐயும் போடுவது விடைத்தாள்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை. அதில் விடை 0.53 சதவீதமாக, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

பலர் 1.6-இல் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இரத்தசோகை கடுமையாகும்போது மஜ்ஜை இளம் ரெட்டிகுலோசைட்டுகளை முன்கூட்டியே வெளியே அனுப்புகிறது. வழக்கமாக ஒரு நாள் மட்டும் இரத்தத்தில் ரெட்டிகுலோசைட்டாக இருக்க வேண்டிய அணு, இப்போது இரண்டு நாள் இருக்கிறது. நேற்று வந்ததையும் இன்று வந்ததையும் சேர்த்தே எண்ணுகிறோம். ஆகவே முதிர்ச்சிக் காலத்தால் வகுக்க வேண்டும். ஹீமட்டோக்ரிட் 45 அளவில் இருந்தால் இக்காலம் 1 நாள், 35 அளவில் 1.5, 25 அளவில் 2, 15 அளவில் 2.5. நம் நோயாளிக்கு 24 என்பதால் 2-ஐ எடுத்துக்கொள்கிறோம்.

```
ரெட்டிகுலோசைட் உற்பத்திக் குறியீடு = 1.6 ÷ 2 = 0.8
```

இரத்தசோகை உள்ள ஒருவருக்கு இந்தக் குறியீடு 2-க்குக் கீழே இருந்தால் மஜ்ஜையின் பதில் போதவில்லை என்று பொருள். ஆக, 3 சதவீதம் என்பது நல்ல அறிகுறியே அல்ல. 1.6 என்பது திருத்திய சதவீதம், 0.8 என்பது உற்பத்திக் குறியீடு. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து அந்தப் பெயரோடு எழுத வேண்டும்.

தானியங்கிக் கருவி மைக்ரோலிட்டருக்கு 78,000 ரெட்டிகுலோசைட்டுகள் என்று முழு எண்ணிக்கையாகவே தந்திருந்தால், அதை மறுபடியும் ஹீமட்டோக்ரிட்டால் பெருக்கக் கூடாது. சிவப்பணுக் குறைவு அந்த எண்ணில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. திடீர் இரத்தப்போக்கின் முதல் இரண்டு நாள்களில் குறியீடு குறைவாக இருப்பதை மஜ்ஜைக் கோளாறு என்று கொள்வதும் தவறு, ஏனெனில் ரெட்டிகுலோசைட் உயர்வதற்கே மூன்று முதல் ஐந்து நாள்கள் பிடிக்கும்.

உயர்ந்த கால்சியம், பதில் தராத மஜ்ஜை, முதுகுவலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மல்டிபிள் மைலோமா உண்டா என்று தேட வேண்டும். சீரம் புரத எலக்ட்ரோஃபோரெசிஸுக்கு அனுப்ப வேண்டும். மைலோமாவில் மிகுதியாகும் புரதமே சில வேளைகளில் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு மொத்த அளவை உயர்த்திக் காட்டுவதால், 11.48-ஐ அயனிக் கால்சியத்தாலும் உறுதிசெய்ய வேண்டும். ரெட்டிகுலோசைட்டுக்கான மாதிரியை இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் அணுக்களும் எண்ணிக்கையில் கலந்துவிடும், அதைப் பிரித்துக் காட்டும் சூத்திரம் இங்கே இல்லை.