துபாய் ஆஸ்பத்திரி பில்லில் நம் பங்கு எவ்வளவு?

துபாய்க்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும் வாட்ஸ்அப் படம் இது. டிஸ்சார்ஜ் நேரத்தில் கவுண்டரில் நின்றபடி எடுத்த பில். கூடவே ஒரு கேள்வி: “அண்ணே, 20 சதவீதம்தானே கட்டணும்? இவங்க வேற கணக்கு சொல்றாங்களே?”

கணக்குப் போடும் முன் படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். ‘பேஷண்ட் ஷேர்’ என்ற கடைசிக் கட்டம் அங்கேதான் இருக்கும். இரண்டாம் பக்கமும் பல நேரம் வராது. பில்லின் எல்லா வரிகளிலும் உள்ள தொகைகளைக் கூட்டினால் அடியில் உள்ள மொத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கும், இல்லாவிட்டால் மங்கலில் 3ஐ 8 என்று படித்திருப்போம். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எமிரேட்ஸ் ஐடி எண்ணை மறைத்துவிட்டு அனுப்புவது நல்லது.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் துபாயின் அடிப்படை இன்சூரன்ஸ் திட்டத்தை வைத்தே சொல்கிறேன். அதில் உள்நோயாளி சிகிச்சைக்கு 20 சதவீதம் நம் பங்கு. ஆனால் ஒரு முறை அட்மிட் ஆனால் 500 திர்ஹாம், ஓர் ஆண்டுக்கு மொத்தம் 1,000 திர்ஹாம் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். இந்த வரம்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒரு குடல்வால் ஆபரேஷன் பில்லை எடுத்துக்கொள்வோம். சிகிச்சை வரிகளின் மொத்த விலை 11,000. இன்சூரன்ஸுடன் பேசிவைத்த தள்ளுபடி 2,500. நிகரத் தொகை 8,500. இதற்கு அடியில் தனியாக, தனி அறைக்கான கூடுதல் 600, சோப்பு, பிரஷ் அடங்கிய கிட் 60, பார்க்க வந்தவர் சாப்பாடு 90. இந்த 750ஐயும் இன்சூரன்ஸ் ஏற்கவில்லை.

முதலில் அந்த 750ஐ ஒதுக்கி வையுங்கள். சதவீதம் போட வேண்டியது மீதி 8,500க்குத்தான், அதுவும் தள்ளுபடி போன பிறகு உள்ள தொகைக்கு. 20 சதவீதம் என்றால் 1,700. உச்சவரம்பு 500 என்பதால் கட்ட வேண்டியது 500 மட்டுமே. இப்போது ஒதுக்கிய 750ஐச் சேருங்கள். அதற்கு உச்சவரம்பு கிடையாது, முழுவதும் நம் தலையில்தான். சிகிச்சைக்கு வாட் வரி சுழியம். இந்த பில்லில் கிட்டுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் 5 சதவீதம் போட்டிருந்தார்கள், அது 7.50. ஆக மொத்தம் 1,257.50. அட்மிஷனில் கட்டிய 1,000 திர்ஹாம் முன்பணத்தைக் கழித்தால் பாக்கி 257.50.

இதே நபர் அந்த ஆண்டில் ஏற்கெனவே அட்மிட் ஆகி 800 கட்டியிருந்தால், ஆண்டு வரம்பில் மிச்சம் 200தான். அப்போது அவர் பங்கு 957.50, முன்பணத்திலிருந்து 42.50 திரும்ப வர வேண்டும். பழைய பில்களை பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். கவுண்டரில் இருப்பவருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் நாம் கட்டியது தெரியாமல் போகலாம்.

தவறுகள் நடப்பது இரண்டு இடங்களில். தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கே சதவீதம் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் உச்சவரம்பைப் பார்க்காமல் 1,700ஐ அப்படியே கேட்பார்கள். பேஷண்ட் ஷேர் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் உள்ள தொகையை அதே வரியின் நிகரத் தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்கிப் பாருங்கள். 20க்கு மேல் வந்தால் அந்த வரியைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு சிகிச்சை வரிக்கு முழுத் தொகையும் நம் பங்கில் வந்திருந்தால், அதை உடனே ‘திட்டத்தில் இல்லாதது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன் அனுமதி வாங்காததாலும் நிராகரித்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. திட்டத்தில் இல்லாததை நாம்தான் கட்ட வேண்டும். நிராகரிப்பு என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு, இன்சூரன்ஸுக்குப் போன் போடலாம். அவசர சிகிச்சையாக இருந்தால் முன் அனுமதி வாங்கவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், ரசீதையும் நிராகரிப்புக் காரணம் எழுதிய கடிதத்தையும் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

உயர்ந்த திட்டங்களில் சதவீதமும் வரம்பும் வேறாக இருக்கும், சிலவற்றில் வரம்பே இருக்காது. அதை உங்கள் திட்டத்தின் பலன் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். எச்.ஆரிடம் கேட்டால் கொடுப்பார்கள்.

அப்புறம், வீட்டுக்கு எழுதித் தரும் மருந்து ஃபார்மசியில் தனி பில்லாக வந்தால் அதை இதோடு கூட்டாதீர்கள். அடிப்படைத் திட்டத்தில் மருந்துச் சீட்டுக்கு நம் பங்கு 30 சதவீதம்.