அகலமாக எடுத்ததை நெட்டாக வெட்டியபோது

ஊரில் பெரியப்பாவும் அத்தையும் திண்ணையில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து பேசுவதை 16:9-ல், 4K-யில் எடுத்தேன். நடுவில் தூணும் பின்னால் தெருவும் தெரிய, அகலத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதையே ரீல்ஸுக்கு 9:16-ல் வெட்டினால் நடுவில் தூண் மட்டும்தான் மிஞ்சியது!

கணக்கு இதுதான்: 4K-யின் 3840 x 2160 பிக்சல் படத்தில் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டால் அகலத்தில் 1215 பிக்சல்தான் கிடைக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1080p-யில் எடுத்திருந்தால் வெறும் 607, இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிவிடும்.

ஆளுக்கு ஆள் வெட்டி மாற்றிப் பார்த்தேன், பேச்சு துண்டு துண்டாகப் போனது. அப்புறம் மறுநாள் போனை நிமிர்த்திப் பிடித்து மறுபடி எடுத்தேன். இந்த முறை திண்ணையின் ஒரு முனையில் நின்று அதன் நீளவாக்கில் பார்த்ததால், அத்தை முன்னால் கீழேயும் பெரியப்பா அவர் தோளுக்கு மேல் பின்னாலும் வந்தார்கள். பக்கவாட்டு இடைவெளி ஆழமாக மாறிவிட்டது. அடியில் ஐந்தில் ஒரு பங்கைத் தரைக்கு விட்டேன், ரீல்ஸில் வரும் தலைப்பும் பட்டன்களும் முகத்தில் ஏறாமல் இருக்க. தெருதான் போச்சு, அது அகலத்துக்கே உரியது.