வகுப்பில் காலடி எண்ணும் சவால்: கடைசி என்று யாரையும் நிறுத்தாமல் கணக்குப் பார்ப்பது

"ஒரு வாரம் எல்லாரும் ஸ்டெப் எண்ணுவோம், வெள்ளிக்கிழமை யார் முதல் என்று பார்ப்போம்" என்று அறிவித்துவிட்டால், அந்த வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை கடைசியாக நிற்கப் போவது உறுதி. அந்தப் பிள்ளை எவ்வளவு முயன்றது என்பதை அந்த எண் பெரும்பாலும் சொல்வதே இல்லை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

மூணாறு பக்கத்தில் ஒரு தமிழ்வழி ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி எஸ்டேட் லயத்திலிருந்து மேடும் பள்ளமுமாக நடந்து வருகிறாள். ஒரு மாணவன் டவுனிலிருந்து ஜீப்பில் வந்து பள்ளி வாசலில் இறங்குகிறான். நாள் முழுக்க எண்ணினால் அவளுக்கு 11,200, அவனுக்கு 4,900 என்று வரலாம். பட்டியல் போட்டால் அவள் மேலே, அவன் கீழே. ஆனால் காலை மணியிலிருந்து சாயங்கால மணி வரை மட்டும் பார்த்தால் அவளுக்கு 2,600, அவனுக்கு 3,100. பள்ளிக்குள் அதிகம் நடமாடுவது அவன்தான். நாள் முழுக்க எண்ணிய பட்டியல், வீடு எவ்வளவு தூரம், வண்டிக்குக் காசு உண்டா என்பதைத்தான் வரிசைப்படுத்தியது.

முழுநாள் கணக்கு எடுப்பதுதான் முதல் தவறு. மணியடித்ததும் அடி எண்ணும் கருவியைக் கொடுத்து, சாயங்காலம் மணிக்கு முன்பே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடம் போன் இருக்கிறது, யாரிடம் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது என்ற பேச்சும் இதோடு நின்றுவிடும். குண்டும் குழியுமான எஸ்டேட் ரோட்டில் ஜீப் குலுங்குவதைச் சில கருவிகள் நடையாக எண்ணிவிடும். அந்தத் தொல்லையும் இருக்காது.

கருவியை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நூறு அடி நடக்கட்டும். கருவி 95-க்கும் 105-க்கும் இடையில் காட்டினால் சரி. அப்புறம் அதே நூறு அடியை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான ஸ்டெப் கவுண்டர்கள் உடம்பின் அசைவு ஓர் அளவைத் தாண்டினால்தான் ஓர் அடி என்று பதிவு செய்யும். அடி மேல் அடி வைத்து நடக்கும் பிள்ளையின் அசைவு அந்த அளவைத் தொடாமலே போகலாம். நூறு நடந்தும் 70 என்று காட்டினால், அந்தப் பிள்ளைக்குக் கருவி பாதகம் செய்கிறது என்று பொருள். இடுப்பில் மாட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். கையில் கட்டும் கருவியென்றால், குடை பிடித்தபடியோ நோட்டுக் கட்டைச் சுமந்தபடியோ நடக்கும்போது கை அசையாததால் எண்ணிக்கை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. பெஞ்சுக்கு அடியில் கருவியைக் குலுக்கி எண்ணை ஏற்றும் கை எல்லா வகுப்பிலும் இருக்கும். அது பெரும்பாலும், கடைசியாக வந்துவிடுவோமோ என்று பயப்படும் பிள்ளையின் கை. பட்டியலை எடுத்துவிட்டால் குலுக்க வேண்டிய தேவையும் போய்விடும்.

சரி, பட்டியல் இல்லாமல் எதோடு எதை ஒப்பிடுவது? ஒவ்வொரு பிள்ளையையும் அதன் சொந்த முந்தைய வாரத்தோடு மட்டும் ஒப்பிடலாம். சவாலுக்கு முன் ஒரு வாரம், "எப்போதும் போல இருங்கள்" என்று சொல்லி எண்ண விடுங்கள். புதுக் கருவி கிடைத்த குஷியில் பிள்ளைகள் தேவையில்லாமல் ஓடுவார்கள், அதனால் முதல் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்ற நாட்களின் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் நடுவில் வரும் நடு எண்தான் அந்தப் பிள்ளையின் தொடக்கம். சராசரியை விட நடு எண் நல்லது, ஏனென்றால் ஸ்போர்ட்ஸ் பயிற்சி நடந்த ஒரே ஒரு நாள் சராசரியை இழுத்துவிடும்.

இந்த இரண்டு வாரங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடுக்கியில் இதைக் கவனிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் வீண். ஜூலையில் மழை கொட்டும் வாரத்தில் பிள்ளைகள் வராந்தாவைத் தாண்ட மாட்டார்கள். அதைத் தொடக்கமாக வைத்து, வெயில் வந்த வாரத்தில் சவால் நடத்தினால் எல்லாரும் முன்னேறியதுபோலத் தெரியும். உண்மையில் மழை விட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளின் எண்ணுக்குப் பக்கத்திலும் "மழை", "பி.டி. பீரியட்", "பரீட்சை" என்று ஒரு சொல் எழுதி வையுங்கள்.

விடுபட்ட நாளை 0 என்று போடுவது சின்னத் தவறுபோலத் தெரியும். அந்த ஜீப் மாணவனுக்குச் சவால் வாரத்தில் 3,100, 2,900, 3,300, 3,000 வந்தது, ஒரு நாள் கருவி மாட்ட மறந்துவிட்டான் என்று வைப்போம். அந்த நாளுக்கு 0 போட்டால் சராசரி 2,460, பையன் பின்தங்கிவிட்டான் என்று தோன்றும். கட்டத்தைக் காலியாக விட்டால் 3,075. கம்ப்யூட்டரில் எக்செல் அட்டவணையில் B2 முதல் F2 வரை ஐந்து நாள் எண்களைப் போட்டால், நடு எண்ணுக்கு இந்த ஒரு வரி போதும்:

```
=MEDIAN(B2:F2)
```

காலிக் கட்டத்தை இது விட்டுவிடும், 0 இருந்தால் சேர்த்துக்கொள்ளும். இவனுக்கு 3,050 வரும். தொடக்கம் 3,100 இருந்ததே, 50 குறைந்துவிட்டதா? இல்லை. தொடக்க வாரத்தில் அவன் எண்கள் 2,700-க்கும் 3,400-க்கும் இடையில் ஏறி இறங்கியிருந்தால், புது நடு எண் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. "அதே அளவு" என்று எழுதுங்கள். எல்லையைத் தாண்டினால் மட்டும் கூடியது, குறைந்தது என்று சொல்லுங்கள்.

விழுக்காட்டில் முன்னேற்றம் பார்த்தால் நியாயமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2,000-லிருந்து 2,600-க்குப் போன பிள்ளைக்கு 30 விழுக்காடு, 4,000-லிருந்து 4,600-க்குப் போன பிள்ளைக்கு 15. இருவரும் கூட நடந்தது அதே 600 அடிதான். இதை வைத்து வரிசைப்படுத்தினால் இன்னொரு பிள்ளை கடைசிக்குப் போகும். அதனால் "உன் தொடக்கத்தோடு 300 அடி சேர்" என்று எல்லாருக்கும் ஒரே சிறு இலக்கு கொடுப்பது மேல். "பத்தாயிரம் வரவில்லையே டீச்சர்" என்று யாராவது கேட்டால் விளக்கிவிடுங்கள்: அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து பரவியது. பள்ளிப் பிள்ளைகளின் சில மணி நேரத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

அடுத்தது, சுவரில் என்ன ஒட்டுவது? பெயருக்குப் பதில் எண் போட்டாலும் முப்பது பேர் வகுப்பில் மத்தியானத்துக்குள் யார் எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனியாள் கணக்கைச் சுவருக்கே கொண்டுபோகாதீர்கள். மொத்தத்தை மட்டும் போடுங்கள். முப்பது பேர் ஆளுக்குச் சுமார் 2,500 அடி நடந்தால் 75,000. ஓர் அடி 55 சென்டிமீட்டர் என்று வைத்தால் 41 கிலோமீட்டர், அதாவது ஒரே பள்ளி நாளில் வகுப்பு மூணாறிலிருந்து மறையூர் வரை போய்விட்டது. குட்டையான பிள்ளைக்கு அதே தூரத்துக்கு அதிக அடி தேவை என்பதால் இந்தத் தூரம் தோராயமானதே. அதையே ஒரு கணக்குப் பாடமாகவும் நடத்தலாம்.

தனியாள் முடிவை மடித்த சீட்டில் கொடுங்கள். "குறைந்தது" என்று வந்த பிள்ளையிடம் தனியாக, "இந்த வாரம் உடம்பு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். காய்ச்சல், பிய்ந்த செருப்பு, மாதவிலக்கு என்று எதுவும் இருக்கலாம். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வரும் பிள்ளை இருந்தால், முதல் நாளிலிருந்தே எல்லாரும் அடிகளோடு "அசைந்த நிமிடங்கள்" என்பதையும் குறிக்கட்டும், சுவரில் ஒட்டுவதும் அந்த நிமிடங்களின் மொத்தமாகவே இருக்கட்டும். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்தால், மறைக்க நினைத்ததை நாமே காட்டிக்கொடுத்தது போலாகும்.