52 பேரிங்குகள் எங்கே போயின?

கிடங்கின் இருப்புப் பதிவேட்டில் 412 பேரிங்குகள். நேரில் எண்ணியபோது 360. குறைந்த 52-ஐயும் அப்படியே நட்டமென்று கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யச் சொன்னார்கள். நான் மறுத்தேன்.

முதலில் எண்ணிக்கை நாளையொட்டிய வழங்கல் சீட்டுகளைப் புரட்டினேன். எண்ணத் தொடங்குமுன்பே கிடங்கைவிட்டுப் போன 40-க்கான சீட்டு மறுநாள்தான் பதிவாகியிருந்தது. இதையும் தள்ளுபடியில் சேர்த்திருந்தால் அதே 40 இருமுறை கழிந்திருக்கும்!

மீதி 12-இல், துருப்பிடித்த 7 ஒரு மூலையில் கிடந்தன. கழிவென்று நினைத்து எண்ணாமல் விட்டிருக்கிறார்கள். அவற்றைப் படமெடுத்து, ‘சேதம்’ என்று எழுதி, பழைய இரும்பாக விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து நட்டத்தைக் காட்டினேன்.

கடைசி 5-க்குத் தடயமே இல்லை. அவற்றைச் சேதத்தோடு கலக்கவில்லை. தேடிய இடங்களைக் குறிப்பிட்டு, ‘காரணம் அறியப்படாத குறைவு’ என்று தனி வரியில் எழுதி, மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.